கூட்டத்தைப் பதிந்து கணினியை எழுதவைத்தால், தமிழைச் சரிபார்ப்பது எப்படி?

கூட்டத்தில் ஒருவர் "வேணாம்" என்கிறார். கணினி "வேணும்" என்று எழுதிவைக்கிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை, வாக்கியமும் தடையில்லாமல் படிக்கிறது. எடுத்த முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது.

தமிழ்ப் பேச்சைத் தானியங்கியாக எழுத்தாக்கும்போது நாம் அஞ்சவேண்டியது இந்த வகைப் பிழைக்குத்தான். ழகர ளகரத் தடுமாற்றம் படித்தவுடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். மேலே சொன்னது கண்ணில் படாது. தமிழில் ஆமா, இல்லையா என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில், கடைசி வினைச்சொல்லின் கடைசி அசையில் இருக்கிறது. பேசுபவரின் குரல் தேய்வதும் அதே இடத்தில்தான். ஆகவே பதிவு செய்யும்போதும், மென்பொருளை ஓட்டும்போதும், சரிபார்க்கும்போதும் அந்த வாலைக் காப்பாற்றுவதே நம் வேலை.

ஒரு மணி நேரக் கூட்டத்தைச் சாதாரண போனில் பதிந்து எழுத்தாக்குவதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வகுப்புக்கும் சொற்பொழிவுக்கும் இதே வழிதான். ஒருவர் மட்டும் பேசுவதால் அங்கே வேலை இன்னும் எளிது.

பதிவு

முதலில் அனுமதி. கூட்டம் தொடங்கும்போதே பதிவு செய்யப்போவதையும், எதற்காக என்பதையும், யார் கேட்பார்கள் என்பதையும் சொல்லி, எல்லோரும் சம்மதித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். சம்மதத்தைப் பதிவிலேயே இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதே கையோடு ஒவ்வொருவரையும் பெயரும் ஒரு வாக்கியமும் சொல்லச் சொல்லுங்கள். நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள் யார் பேசினார் என்று பிரித்துத் தராது. பிறகு குரலை அடையாளம் காண அந்த ஒரு வாக்கியம்தான் உதவும்.

அடுத்தது தூரம். போனின் விலையை விட இதுதான் முக்கியம். பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் குரல் 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் அப்படிக் குறைவதில்லை. விளைவாக, குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. முதலில் அமிழ்வது மெல்லிய பகுதிகள், அதாவது சொல்லின் ஈறுகள். ஒருவர் மட்டும் பேசும் வகுப்பு என்றால் சட்டையில் மாட்டும் சிறிய மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்திவிடுங்கள். மேசையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்திருந்தால் போனை நடுவில் வையுங்கள், அடியில் மடித்த துணி ஒன்றைப் போடுங்கள். மேசையில் தட்டும் சத்தம் போனுக்குள் ஏறுவதைத் துணி குறைக்கும். பேர் அதிகமானால் இரண்டு போன்களை இரண்டு பக்கமும் வைத்துத் தனித்தனியாகப் பதியலாம். ஒன்றில் கேட்காதது மற்றதில் கேட்கும்.

அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். "குரல் கேட்கிறதா" என்று பார்த்தால் போதாது, "வாக்கியத்தின் கடைசிச் சொல் முழுதாகக் கேட்கிறதா" என்று பாருங்கள். தொலைவில் இருப்பவரை "பண்ணல, பண்ணலாம்" என்று இரண்டையும் இயல்பான வேகத்தில் சொல்லச் சொல்லிக் கேட்பது நல்ல சோதனை. உங்கள் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. போனை நகர்த்துங்கள்.

கூட்டம் நடக்கும்போது ஒரு தாளில் மூன்றே விஷயங்களுக்கு மட்டும் நேரத்தைக் குறியுங்கள்: முடிவு, எண், பெயர். "31 நிமிடம், சேர்க்கை எண்ணிக்கை" என்ற அளவு போதும். முடிவு எடுக்கும்போது தலைமை வகிப்பவர் அதை ஒருமுறை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னால் இன்னும் நல்லது: "சரி, எழுபது பேருக்கு மேல் சேர்க்கப் போவதில்லை, ஏழு, பூஜ்யம், எழுபது." பேச்சில் எழுவது, எம்பது இரண்டும் குழம்பும். அறுவது, இருவது இரண்டும் குழம்பும். இலக்கங்களைப் பிரித்துச் சொன்னால் குழம்பாது.

இணையவழிக் கூட்டம் என்றால் இந்தத் தூரப் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஜூமில் கணினியிலேயே பதியும்போது ஒவ்வொருவர் குரலையும் தனித்தனிக் கோப்பாகப் பதியும் வசதி உண்டு. அதை முன்கூட்டியே அமைப்புகளில் இயக்கிவிடுங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசிய இடங்களைப் பிரித்துக் கேட்க அதைவிட நல்ல வழி கிடையாது.

எழுத்தாக்குதல்

இங்கே விஸ்பர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது, இலவசம், மூலநிரல் திறந்தது. உங்கள் கணினியிலேயே ஓடும் என்பதால் கூட்டத்தின் ஒலி வெளியே எங்கும் போகாது. சம்பளம், உடல்நலம் போன்றவை பேசப்படும் கூட்டங்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். வேறு சேவையைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி நேராகச் சரிபார்ப்புக்குப் போகலாம், அது எல்லாவற்றுக்கும் பொது.

கணினியில் பைத்தானும் `ffmpeg` என்ற ஒலிக்கருவியும் இருக்க வேண்டும். அதன் பிறகு கட்டளைச் சாளரத்தில் இரண்டே வரிகள்:

```
pip install -U openai-whisper
whisper kootam.m4a --model large-v3 --language ta --task transcribe --output_format srt
```

போன் தரும் ஃபைலை அப்படியே கொடுக்கலாம். தனக்கு வேண்டிய வடிவத்துக்கு விஸ்பரே மாற்றிக்கொள்ளும்.

இரண்டாவது வரியில் `--language ta` என்பதை விட்டுவிடாதீர்கள். மொழியைச் சொல்லாவிட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டு அதுவே ஊகிக்கும். கூட்டத்தை யாராவது ஆங்கிலத்தில் வரவேற்றுத் தொடங்கினால் மொத்தப் பேச்சையும் ஆங்கிலமாகவே கருதிவிடும். `transcribe` என்பதற்குப் பதிலாக `translate` என்று போட்டால் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும், அது நமக்கு வேண்டாம். `--model` என்பதில் கொடுக்கும் மாதிரியைப் பொறுத்தவரை, `tiny`, `base`, `small` போன்ற சிறியவை வேகமானவை, ஆனால் தமிழுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருத்துவதற்கு ஆகும் நேரம் மிச்சப்பட்ட நேரத்தை விழுங்கிவிடும். `large-v3` நல்ல வேகத்தில் ஓட சுமார் 10 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை தேவை. அது இல்லாதவர்கள் கூகுளின் கணினியை இணையம் வழியாகப் பயன்படுத்தவிடும் கோலாபில் இதே வரிகளை, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் `!` சேர்த்து, ஓட்டலாம், ஆனால் அப்போது ஒலி உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் `kootam.srt` என்ற கோப்பு கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும்:

```
214
00:31:06,000 --> 00:31:13,000
அடுத்த மாதம் 80 பேருக்கு மேல சேர்க்க வேணும்
```

இந்த நேரக்குறிப்பு இல்லாமல் சரிபார்ப்பு பெரும்பாடு. அதனால்தான் வெறும் உரைக்கோப்பாக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

உடனே படிக்கத் தொடங்காமல், முதலில் நேரங்களை மட்டும் மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது யாரும் பேசாத இடைவேளையில் வாக்கியங்கள் முளைத்திருந்தால், மென்பொருள் இல்லாததைக் கற்பனை செய்திருக்கிறது என்று பொருள். மௌனத்திலும் இரைச்சலிலும் இது நடக்கும். இதற்கு நேர்மாறாக 30 விநாடி நீளமுள்ள துண்டில் ஐந்தாறு சொற்கள் மட்டும் இருந்தால், பேச்சு விடுபட்டிருக்கிறது. வேகமாகப் பேசும் இடங்களில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

ஒரே வரி சுழன்றால் `--condition_on_previous_text False` என்பதைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முந்தைய துண்டில் எழுதியதைப் பார்த்து அடுத்ததை எழுதும் பழக்கத்தை அது நிறுத்தும். பெயர்களையும் துறைச் சொற்களையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க `--initial_prompt "தணிக்கை அறிக்கை, உறுப்பினர் கட்டணம்"` என்பது போலச் சேர்க்கலாம். ஆனால் அதில் கொஞ்சம்தான் கொள்ளும். தமிழ் எழுத்துகளை இந்த மென்பொருள் மிகச் சிறிய துண்டுகளாக உடைத்து எண்ணுவதால் நீண்ட பட்டியலின் முன்பகுதி வெட்டுப்பட்டுவிடும். மிகத் தேவையான பத்துச் சொற்களுக்குள் நிறுத்துங்கள். மேலே சொன்ன சுழல்தடுப்பையும் சேர்த்திருந்தால் இந்தப் பட்டியல் முதல் 30 விநாடிக்கு மட்டுமே உதவும்.

எவ்வளவு சரி என்று அளப்பது

இங்கேதான் பலர் தவறான எண்ணை நம்புகிறார்கள். பேச்சுணரிகளின் துல்லியத்தை அளக்கும் வழக்கமான அளவு, சொற்பிழை விகிதம். மாறிப்போன சொற்கள், விட்டுப்போன சொற்கள், புதிதாக நுழைந்த சொற்கள் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம்.

பேசியது: "அடுத்த மாசம் எழுவது பேருக்கு மேல சேக்க வேணாம், இருக்கிற ஹால் பத்தாதுன்னு சொல்லியிருக்காங்க."

கணினி எழுதியது: "அடுத்த மாதம் 80 பேருக்கு மேல சேர்க்க வேணும், இருக்கிற ஹால் பத்தாதுன்னு சொல்லி இருக்காங்க."

பேசியதில் 11 சொற்கள். மாசம் மாதமாகியிருக்கிறது, ஒரு பிழை. எழுவது 80 ஆகியிருக்கிறது, இரண்டு. சேக்க என்பது சேர்க்க, மூன்று. வேணாம் வேணும் ஆனது நான்கு. கடைசிச் சொல் இரண்டாக உடைந்ததால் ஒன்று மாறியதாகவும் ஒன்று புதிதாக நுழைந்ததாகவும் கணக்காகி ஆறு ஆகிறது. பதினொன்றில் ஆறு, அதாவது சுமார் 55 சதவீதப் பிழை. கேட்டால் பயங்கரமாகத் தெரியும். ஆனால் மாசம் மாதமானாலும், சேக்க சேர்க்க ஆனாலும், சொல் பிரிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. உண்மையான பிழை இரண்டுதான்: எண்ணும், வேணாமும். அந்த இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் முடிவையே மாற்றிவிட்டன.

சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் மொழிக்கு, பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழிக்கு, இந்த ஒற்றை எண் போதாது. அதனால் பிழைகளை இரண்டு நிறத்தில் குறிக்கும்படி சொல்வேன். வடிவம் மட்டும் மாறியவை நீலம், பொருள் மாறியவை சிவப்பு. சிவப்பை மட்டும் எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு முழுப் பதிவும் வேண்டாம். மூன்று இடங்களில் ஒவ்வொரு நிமிடம் போதும்: நடுவில் ஒன்று, கடைசியில் எல்லோரும் களைத்த நேரத்தில் ஒன்று, மைக்கிலிருந்து அதிகத் தொலைவில் இருந்தவர் பேசியது ஒன்று. முதல் ஐந்து நிமிடத்தை எடுக்க வேண்டாம், அப்போது எல்லோரும் நிதானமாகவும் தெளிவாகவும் பேசுவார்கள். ஒரு நிமிடத்தை வெட்டியெடுக்க:

```
ffmpeg -ss 00:31:00 -t 60 -i kootam.m4a paguthi.wav
```

இதைக் கேட்டு, கணினி எழுதியதைப் பார்க்காமல், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பார்க்காமல் என்பதுதான் இதில் உயிர்நாடி. "வேணும்" என்று திரையில் பார்த்துக்கொண்டே கேட்டால் காதும் "வேணும்" என்றே கேட்கும். முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறம் தீட்டுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சிவப்பு என்றால் ஒலியோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது லாபகரமானது. வரிக்கு வரி சிவப்பு என்றால் திருத்திக்கொண்டிருக்காமல் கையாலேயே எழுதுவதுதான் சீக்கிரம் முடியும். இடைப்பட்ட நிலையில் யாருடைய குரலில் சிவப்பு குவிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆளின் பகுதியாக இருக்கும், அதை மட்டும் கையால் எழுதலாம்.

சிவப்புப் பிழைகள் எங்கே ஒளிந்திருக்கும்

பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசி மகரம் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. வேணும், வேணாம் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி உயிரில் மட்டும் மிஞ்சுகிறது. பண்ணல, பண்ணலாம் இரண்டும் அப்படித்தான். ஒன்று "செய்யவில்லை", மற்றது "செய்யலாம்". குடுக்கல, குடுக்கலாம், அனுப்பல, அனுப்பலாம் என்று எந்த வினையிலும் இது வரும். ஆகவே கோப்பில் "லாம்", "வேணும்", "வேணாம்", "வேண்டும்", "வேண்டாம்" ஆகியவற்றைத் தேடி, வரும் ஒவ்வொரு இடத்தையும் ஒலியில் கேளுங்கள். ல என்று முடியும் வினைகளைத் தேடிப் பிடிப்பது கடினம், அவற்றைப் படிக்கும்போதுதான் பிடிக்க வேண்டும்.

கேட்டும் தெளியாவிட்டால் பக்கத்து வாக்கியம் காட்டிக்கொடுக்கும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஹால் பத்தாது என்பது காரணம். இடம் பத்தாது என்று சொல்லிவிட்டு யாரும் ஆளைச் சேர்க்கச் சொல்ல மாட்டார்கள். காரணமும் முடிவும் முட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது.

இரண்டாவது இடம், கடைசி லகர ளகரங்கள். "அவ வந்தா பேசுறேன்" என்பதில் வந்தா என்பது வந்தால். "நேத்து அவ வந்தா" என்பதில் அது வந்தாள். ஒலியில் இரண்டும் ஒன்றே. கணினி எழுத்துநடைக்கு மாற்றும்போது ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நடந்ததா, நடந்தால் என்ற நிபந்தனையா என்பது இங்கே மாறிப்போகும். காதால் இதைத் தீர்க்க முடியாது, பொருளால்தான் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது எண்கள். எழுபது எண்பது, அறுபது இருபது ஆகியவற்றோடு எழுநூறு எண்ணூறு, தொண்ணூறு தொள்ளாயிரம் என்ற இணைகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி இலக்கமாக எழுதிவிட்டால் பிழை இன்னும் நன்றாக மறைந்துவிடும். இலக்கம் பார்க்க அவ்வளவு உறுதியாக இருக்கும். எனவே கோப்பிலுள்ள எல்லா எண்களையும் விதிவிலக்கில்லாமல் ஒலியோடு ஒத்துப்பாருங்கள்.

பெயர்களும் ஆங்கிலச் சொற்களும் வேறு கதை. ஒரே சொல்லை ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் இன்னோரிடத்தில் ரோமன் எழுத்திலும் மென்பொருள் எழுதும், பெயரை மூன்று விதமாக எழுதும். இவை பெரும்பாலும் நீலப் பிழைகள். ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, தேடி மாற்றும் வசதியால் ஒரே மூச்சில் சரிசெய்யுங்கள்.

முழுத் திருத்தம்

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பேசியபடியே வேண்டுமா, எழுத்துநடையில் வேண்டுமா? கூட்டக் குறிப்புக்கு எழுத்துநடை போதும். நேர்காணலுக்கும் ஆய்வுக்கும் பேசியபடி வேண்டும், அப்போது கணினி தானாகத் திருத்திய "சேர்க்க" போன்றவையும் பிழையாகிவிடும். நீலமும் சிவப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஒலியையும் `kootam.srt` கோப்பையும் ஒன்றாகத் திறக்கலாம். வரியைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தின் ஒலியை ஓட்டிக் கேட்கலாம். முதல் சுற்றில் ஒலியை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு வரிகளைத் திருத்துங்கள். இரண்டாவது சுற்று தாளில் குறித்த நேரங்களுக்கு மட்டும். அந்த இடங்களில் முதலில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள், கேட்டதைத் தாளில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்தால் ஈறு நன்றாகப் பிடிபடும். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டு நெட்டுயிரும் குற்றுயிரும் ஒன்றுபோலத் தோன்றும், பண்ணலவையும் பண்ணலாமையும் பிரிப்பது இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரப் பதிவுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று முறை கேட்டும் விளங்காத இடத்தில் ஊகித்து நிரப்ப வேண்டாம். "[தெளிவில்லை 31:06]" என்று நேரத்தோடு குறித்துவிட்டு, பேசியவருக்கு அந்த ஒரு நிமிட ஒலித்துண்டை அனுப்பிக் கேளுங்கள். முழு எழுத்துவடிவத்தையும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு நிமிடத் துண்டுக்கு அன்றே பதில் வரும். முடிவுகளை மட்டும் தனியே ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதிவில் அது வரும் நேரத்தைக் குறித்து எல்லோருக்கும் அனுப்புங்கள். எல்லோரும் சரி என்று சொல்லும்வரை மூல ஒலிக்கோப்பை அழிக்காதீர்கள். அதன் பிறகு அதை வைத்திருப்பதா அழிப்பதா என்பது தொடக்கத்தில் சம்மதம் வாங்கும்போது என்ன சொன்னீர்களோ அதன்படி.